போனை வைக்கத் தெரியாதவர்கள்

என் இடது காதில் ஒரு அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு, உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தேன்.

மைக்காரர் எங்கள் வங்கிக் கிளையின் அதிகாரி. காதுக்காரர் யாரென்று இப்போது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அன்று காலை கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விடும்போது போன் வந்தது. என் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதை மாத்திரை இருந்ததாம். நான் பார்சலே அனுப்பவில்லை என்றேன். "அப்ப உங்க அடையாள அட்டைய யாரோ திருடியிருக்காங்க, லைன்லயே இருங்க, போலீசுக்கு மாத்தறேன்" என்றார்கள். அடுத்து வீடியோவில் ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பின்னால் அலுவலகப் பலகை. என் அப்பா பெயர், வீட்டுக் கதவு எண், வெளியூரில் படிக்கிற என் பையனின் கல்லூரி, எல்லாவற்றையும் ஒப்பித்தார். கொஞ்ச நேரத்தில் முத்திரை போட்ட கைது உத்தரவு ஒன்று போனுக்கே வந்து சேர்ந்தது. அதில் என் பெயருக்குக் கீழே பையன் பெயர்.

நான் காதில் பூ வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. துணி வியாபாரி இரண்டு விரற்கடை குறைத்து அளந்தால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் பையன் பெயரைப் பார்த்ததும் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் செய்தேன்.

"நீங்க இப்ப எங்க காவல்ல இருக்கீங்கம்மா. லைன கட் பண்ணக்கூடாது. வீட்டுக்காரர்கிட்ட கூட மூச்சு விடக்கூடாது. உங்க பணம் சுத்தமான பணமான்னு பாக்கணும். அரசாங்கக் கணக்குக்கு அனுப்புங்க, சோதிச்சிட்டு சாயங்காலமே திருப்பிடுவோம்."

சேமிப்புக் கணக்கில் இருந்ததை அங்கேயே, கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, போனிலிருந்து அனுப்பிவிட்டேன். அவருக்கு அது போதவில்லை. டெபாசிட்டும் வேண்டுமாம். அது நானும் என் வீட்டுக்காரரும் வருடக்கணக்காகச் சேர்த்தது. கடை இருக்கிற அறையை உரிமையாளர் விற்கப் போகிறார். அதை நாங்களே வாங்கிக்கொள்ள வைத்திருந்த பணம். ரசீது போட்ட பழைய டெபாசிட் என்பதால் கிளைக்கு நேரில் வந்துதான் முடிக்க வேண்டும். "போங்க. கேமராவ ஆஃப் பண்ணுங்க, காதுல ஒயர மாட்டிக்குங்க, நான் கூடவே இருக்கேன். எதுக்குன்னு கேட்டா இடம் வாங்கறதுக்குன்னு சொல்லுங்க. அந்த பேங்க்லயே ஒருத்தன் இதுல உடந்தை, ஜாக்கிரதை" என்றார். முடியைத் தளர்த்திப் பின்னி ஒயரை மறைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வந்து பார்த்தால் கவுன்டரில் ஆளில்லை. கூடத்தில் நாற்காலி வரிசை, சுவரில் ஒரு வெள்ளைத் திரை. கிளை அதிகாரி வாசலுக்கே ஓடிவந்தார். குள்ளமான ஆள், எப்போதும் எதையோ தொலைத்தவர் மாதிரி சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

"வாங்கக்கா, வாங்க, உக்காருங்க. கொஞ்ச நேரம்தான். போன்ல பணம் அனுப்பறதுல என்னென்ன மோசடி நடக்குதுன்னு சொல்லப் போறேன். மேலிடத்துக்குப் போட்டோ அனுப்பணும், நாற்காலி காலியா இருந்தா என் மானம் போயிடும்."

"டெபாசிட்ட முடிக்கணும் சார், அவசரம்."

"முடிச்சதும் முதல் ஆளு நீங்கதான்."

கையைப் பிடிக்காத குறையாக உட்கார வைத்துவிட்டார். பக்கத்தில் பழக்கடை அக்கா. அவருக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், முழங்கையால் எல்லோருக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சத்தம் அது?" என்றது காது.

சால்வையை வாய்மேல் இழுத்துக்கொண்டு, "கூட்டம் சார். போன்ல ஏமாத்தறவங்களப் பத்தி" என்று முணுமுணுத்தேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, "நல்ல விஷயம். கேளுங்க. நம்ம விஷயம் ரகசியம், மறந்துடாதீங்க" என்றார். திருடனாக இருந்தால் இப்படிச் சொல்வானா என்று எனக்கு ஒரு நிம்மதி வேறு.

மைக் முதலில் கீச்சென்று அலறியது. அதிகாரி அதைத் தட்டினார், ஊதினார், கடைசியில் தூரப் பிடித்துக்கொண்டு கத்தினார். "பணம் வாங்கறதுக்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போடறீங்கன்னா உங்க பணம் வெளியே போகுதுன்னு அர்த்தம். பரிசு வந்திருக்கு, எண்ணைப் போடுங்கன்னு எவன் சொன்னாலும் போடாதீங்க."

"அப்ப என் கடையில ஒட்டியிருக்கற கட்டம்?" என்று பழக்கடை அக்கா கேட்டார். "அத போன்ல காட்டித்தான பணம் தர்றாங்க?"

"அது மத்தவங்க உங்களுக்குத் தர்றதுக்கு. உங்களுக்குப் பணம் வரணும்னு சொல்லி உங்களையே ஒரு கட்டத்த ஸ்கேன் பண்ணச் சொன்னா, அதுதான் மோசடி. அப்புறம், அக்கா, காலையில ஒருதரம் அந்தக் கட்டத்தப் பாத்துக்கோங்க. அதுமேல வேற ஒண்ண ஒட்டிட்டுப் போயிடறானுங்க. பணம் வந்ததுன்னு அவன் போனக் காட்டினா நம்பாம, உங்க போன்ல வந்திருக்கான்னு பாருங்க."

பழக்கடை அக்காவின் முகம் மாறிவிட்டது. அப்போதே கடைக்கு ஓடிப் பார்க்க வேண்டும் போல இருந்திருக்கும். எனக்கும் ஓட வேண்டும் போலத்தான் இருந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

"பேங்க்லேர்ந்து பேசறேன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க!" என்றார் அதிகாரி.

காதுக்காரர் சிரித்தார். "கேட்டீங்களா? பேங்க் ஆளையே நம்பாதேன்னு அவனே சொல்றான். நானும் அதத்தான சொன்னேன்?"

நியாயமாகத்தான் பட்டது. மைக்காரரின் வியர்வையைப் பார்த்தேன், சட்டைப் பையைத் தட்டுவதைப் பார்த்தேன். உடந்தை என்றால் இவராகத்தான் இருக்குமோ? இத்தனை வருடமாக என் ரசீதில் கையெழுத்துப் போட்டவர் மேல் எனக்கு அத்தனை சுலபமாகச் சந்தேகம் வந்துவிட்டது.

திரையில் படம் மாறியது. காக்கிச் சட்டை போட்ட ஒரு கேலிச் சித்திரம், கையில் போன்.

"இதான் இப்ப புதுசா நடக்கறது. போலீஸ் மாதிரி வீடியோவுல வருவான். உங்கள போன்லயே கைது பண்ணிட்டேன்பான். எந்த ஊர்லயும் எந்தச் சட்டத்துலயும் போன் வழியா கைது கிடையாது. பணத்த அனுப்பிச் சோதிக்கறதும் கிடையாது. லைன கட் பண்ணாதே, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா, அப்பவே முடிவு பண்ணிக்கலாம்."

யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நடத்துநர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"பதறாதீங்கம்மா," காதுக்குள் குரல் இப்போது மெதுவாக, அண்ணன் தங்கையிடம் பேசுகிற மாதிரி வந்தது. "போலி ஆளுங்க இருக்கானுங்கதான். அவனுங்களப் பிடிக்கறதுதான் எங்க வேலையே. உங்களுக்குத்தான் உத்தரவு காட்டினோமே? எழுந்து வெளிய வாங்க. மேனேஜர் ரூமுக்குப் போய் அவசரம்னு சொல்லுங்க. நேரம் போகப் போக உங்க பையனுக்குத்தான் கஷ்டம்."

நான் எழுந்தேன். அந்த நேரத்தில்தான் மைக்காரர், "யாரும் போகக்கூடாது! இப்ப பயிற்சி!" என்று கத்தினார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சி ரொம்ப எளிது. அவர் மோசடிக்காரனாக நடித்து மைக்கில் பேசுவார். நாம் போனைக் காதில் வைத்திருந்து, இது ஏமாற்று என்று தெரிந்ததும் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். முதலில் நடத்துநர்.

"ஹலோ, உங்க கார்டு முடங்கிப் போச்சு, அட்டையில இருக்கற எண்ணச் சொல்லுங்க."

"சொல்ல முடியாதுங்க."

"சொல்லலைன்னா பணம் போயிடும் சார்."

"அப்படிங்களா? யாரு பேசறீங்க? எந்த ஊர்ல இருக்கீங்க? சரிங்க, எனக்கு ஒரு வேலை இருக்கு, அப்புறம் பேசலாமா?"

"வைங்க சார்!" என்றார் அதிகாரி.

"அதான் வச்சிடட்டுமான்னு கேக்கறேன்ல?"

கூடம் சிரித்தது. அடுத்து பழக்கடை அக்கா. அவர் கொஞ்சம் காரமான ஆள் என்பதால் எனக்கே நம்பிக்கை இருந்தது. "திருட்டுப் பயலே, உழைச்சுச் சாப்பிடு" என்று நன்றாக ஆரம்பித்தார். மைக்காரர் விடாமல், "அக்கா, எனக்கும் குடும்பம் இருக்குக்கா" என்றதும், "எத்தன புள்ளைங்க?" என்று கேட்டுவிட்டார். மூன்றாவதாக ஒரு டாக்சிக்காரர், நான்காவதாக ஒரு பாட்டு வாத்தியார். ஒருவருக்குக்கூட எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைக்க முடியவில்லை. வைக்கட்டுமா என்பார்கள், சரி என்பார்கள், அப்புறம் என்பார்கள். அந்த 'அப்புறம்' போதும், அவர் அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்துவிடுவார்.

அதிகாரி மைக்கால் தன் தொடையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "உங்க யாருக்கும் விவரம் தெரியாம இல்லை. திருடன்னு தெரியுது, ஆனா வைக்க மாட்டேங்கறீங்க. மரியாதை! அந்த மரியாதையிலதான் அவன் சாப்பிடறான். பதில் சொல்ல வேணாம். திட்டவும் வேணாம். அவன் பேசிக்கிட்டே இருக்கட்டும், பாதி வார்த்தையில வைங்க. உண்மையான ஆளா இருந்தா உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல, ஆபீஸ் நம்பரத் தேடி நீங்களே திரும்பக் கூப்பிடலாம். நீல சால்வைக்கா, நீங்க வாங்க."

நீல சால்வை நான்தான்.

"எந்திரிக்காதீங்க," என்றது காது.

எழுந்தேன். எழாமல் எப்படி இருப்பது, எல்லோரும் பார்க்கிறார்கள்.

"வாயத் தொறந்தீங்கன்னா அங்க காலேஜ் வாசல்ல எங்க ஆளு நிக்கறாரு. ஒரு போன் போட்டா போதும்."

"அக்கா, போன எடுங்க," என்றது மைக்.

"பைக்குள்ளேயே இருக்கட்டும், எடுக்காதீங்க!"

"அக்கா?"

பைக்குள் கையை விட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாமல், வாய்விட்டுக் கேட்டேன்.

"சார், வச்சிடட்டுமா?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. "இந்தக்காவும் பெயில்!" என்றார் நடத்துநர். காதுக்குள்ளோ, "வைக்கக்கூடாது! வச்சா தெரியும்!" என்று அலறல். நான் சட்டென்று பையை இழுத்ததில் ஒயர் போனிலிருந்து பிடுங்கிக்கொண்டது. வீடியோவில் ஆரம்பித்த அழைப்பு அல்லவா, குரல் அப்படியே ஸ்பீக்கருக்கு மாறிவிட்டது. என் கைப்பைக்குள்ளிருந்து கூடம் முழுக்கக் கேட்டது.

"உம் பையன ஜீப்ல ஏத்திடுவேன், கேக்குதா? ஒழுங்கா டெபாசிட்ட எடுத்து அனுப்பு!"

சிரிப்பு நின்றது. பழக்கடை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மைக்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு வந்தார். பிடுங்கி அணைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன், உண்மையில் அதற்காக ஏங்கினேன். அவர் தொடவில்லை.

"அக்கா, நான் வச்சா நீங்க வெளிய போய்த் திரும்ப எடுப்பீங்க. நீங்கதான் வைக்கணும்."

"அவன்தான்!" என்றது பை. "நான் சொன்ன ஆளு அவன்தான்! உன் பணத்த அமுக்கறதுக்குத்தான் வைக்கச் சொல்றான்!"

இரண்டு பேரும் அதிகாரிகள். இரண்டு பேரும் உத்தரவு போடுகிறார்கள். யார் நிஜம் என்று எனக்கு அந்த நொடியில் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை.

"என்னையும் நம்ப வேணாம்கா," என்றார் அவர். "ரெண்டு பேரையும் விடுங்க. உங்க பையனுக்கு ஒரு போன் போடுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"பையன்கிட்ட பேசினா அவனும் உள்ள போவான்! அவன்கிட்ட பேச உனக்கு அனுமதி இல்ல, புரியுதா? நான் சொல்ற வரைக்கும்..."

அனுமதியா? எனக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. நான் பெற்ற பிள்ளையிடம் நான் பேசுவதற்கு இவன் யார் அனுமதி தர? போனை வெளியே எடுத்தேன். அவன் 'நான் சொல்ற வரைக்கும்' என்று இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தான். சிவப்பு வட்டத்தை அழுத்தினேன்.

அடுத்த மூச்சுக்குள் மறுபடி அடித்தது. கட் ஆனது, வேறு எண்ணிலிருந்து அடித்தது. என் கை தானாக அதை நோக்கிப் போனதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழக்கடை அக்கா போனை வாங்கித் தன் நாற்காலியில் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டார். துண்டுக்குள் அது முனகிக்கொண்டே கிடந்தது.

"ஏற்கெனவே ஏதாவது அனுப்பிட்டீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை," என்றேன். அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்வது? டெபாசிட் தப்பித்தது, இத்தோடு போகட்டும், சேமிப்புப் பணத்துக்கு வீட்டில் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

அவர் என் முகத்தையே பார்த்தார். "இப்ப சொன்னா நிறுத்தப் பாக்கலாம். நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போயிடும்கா."

"சேமிப்புல இருந்தத அனுப்பிட்டேன்," என்றேன். "காலையிலேயே."

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார், கூட்டம் மொத்தமும் வாசலில் வந்து நின்றது. மோசடிப் புகார் எண்ணை அழைத்து என் கணக்கு எண், பரிமாற்ற எண், போன இடம் எல்லாவற்றையும் சொன்னார். என் கணக்கிலிருந்து இனி போன் வழியாக எதுவும் போகாதபடி முடக்கினார். டெபாசிட்டுக்கும் ஒரு தடை போட்டார். பணம் போய்ச் சேர்ந்த வங்கியில் யாரோ பார்த்துக்கொண்டிருக்க, ரிசீவரைக் காதில் வைத்தபடி சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை.

"ஒரு பகுதி அந்தக் கணக்குலேயே இருந்திருக்கு, அத நிறுத்தி வச்சுட்டாங்க. திரும்ப வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்," என்றார் கடைசியில். "மீதி அடுத்தடுத்த கணக்குக்குப் போயிடுச்சு. தேடுவாங்க. கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். போலீஸ்லயும் எழுதிக் குடுக்கணும், நானும் கூட வர்றேன்."

என் வீட்டுக்காரரின் முகம் கண்முன் வந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. காலேஜ் வாசலில் ஆள் நிற்கிறார் என்றானே? பொய் என்று மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

என் போன் இன்னும் துண்டுக்குள் அலறிக்கொண்டிருந்ததால், அதிகாரி மேசைப் போனை என் பக்கம் தள்ளினார். பையனின் எண் மனப்பாடம். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தான்.

"யாரு?"

"டேய்... நான்தான்டா... எங்கடா இருக்கே, யாராவது வந்தாங்களா, நல்லாயிருக்கியா?" அழுகையில் எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

"யாருங்க பேசறது? இது எங்கம்மா நம்பர் இல்லையே."

"நான்தான்டா அம்மா! என் போன்ல பேச முடியல, பேங்க்லேர்ந்து பேசறேன், பணம்..."

பாதி வார்த்தையில் வைத்துவிட்டான்.

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்தார். பெற்ற பிள்ளை முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஓவென்று அழ வாயைத் திறந்தேன்.

அதற்குள் பழக்கடை அக்கா துண்டோடு என் போனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடிவந்தார். "இது அவன் இல்ல, இது வேற! பேரு வருது, பேரு வருது!"

திரையில் பையனின் பெயரும் போட்டோவும் இருந்தன. எடுத்தேன்.

"அம்மா, எவளோ ஒருத்தி உன்ன மாதிரியே அழுது பணம் கேட்டா," என்றான் மூச்சிரைக்க. "நீ நல்லாத்தான இருக்கே?"